பில்லில் வேறு நிறுவனத்தின் பெயர்: கடிதம் போதுமா, ரத்தா, திருத்தமா, கிரெடிட் நோட்டா?

வரி பில்லில் வாங்கியவர் பெயர் தவறாக அச்சாகி வந்துவிட்டால், பெரும்பாலான அலுவலகங்களில் உடனே விற்றவருக்குப் போகும் செய்தி "பெயரை மாற்றி வேறு பில் அனுப்புங்கள்" என்பதுதான். ஜிஎஸ்டி நடைமுறையில் இந்த ஒற்றை வரிக்குக் குறைந்தது நான்கு வழிகள் பதிலாக இருக்கின்றன. தவறான வழியைத் தேர்ந்தெடுத்தால் சின்னப் பிழை இரண்டு மாதக் கணக்குச் சிக்கலாக மாறும். எந்த வழி பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு கேள்விகள். பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண் யாருடையது? விற்றவர் அந்தப் பில்லை GSTR-1 என்ற விற்பனை விவரப் படிவத்தில் ஏற்கெனவே தாக்கல் செய்துவிட்டாரா?

முதல் கேள்விக்குப் பதில் காண ஐந்து நிமிடம் போதும். ஜிஎஸ்டி போர்ட்டலில் Search Taxpayer பகுதியில் பில்லில் உள்ள 15 எழுத்து எண்ணைப் போட்டால், அந்தப் பதிவின் சட்டப்பூர்வப் பெயரும் வர்த்தகப் பெயரும் தெரியும். பில்லில் இருப்பது உங்கள் வர்த்தகப் பெயராகவே இருந்தால் அதைப் பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எண்ணைக் கண்ணாலும் ஓரளவு படிக்கலாம். முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு, அடுத்த பத்தும் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்து, C என்றால் கம்பெனி, F என்றால் கூட்டு நிறுவனம், P என்றால் தனிநபர். கூட்டு நிறுவனமும் பிரைவேட் லிமிடெட் கம்பெனியும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் இடங்களில் இந்த ஓர் எழுத்தே பிழையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பெயர் தவறு, எண் சரி

இந்த வகைக்குப் புதிய பில் கேட்பதைப் பொதுவாக நான் ஆதரிப்பதில்லை. காரணம், போர்ட்டல் ஒரு பில்லை யார் கணக்கில் சேர்ப்பது என்பதை எண்ணை வைத்தே முடிவு செய்கிறது. எண் உங்களுடையதாக இருந்தால், விற்றவர் GSTR-1 தாக்கல் செய்ததும் அந்தப் பில், போர்ட்டல் உருவாக்கும் உங்கள் GSTR-2B கொள்முதல் பட்டியலில் வந்துவிடும்.

சட்டமும் இதே திசையில்தான் இருக்கிறது. பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் விதி 46, வாங்குபவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் மூன்றையும் கேட்கிறது. ஆனால் வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட் பற்றிப் பேசும் விதி 36(2) ஒரு விலக்கைத் தருகிறது. வரித் தொகை, பொருள் அல்லது சேவையின் விவரம், மொத்த மதிப்பு, விற்றவர் வாங்கியவர் இருவரின் ஜிஎஸ்டி எண்கள், மாநிலம் விட்டு மாநிலம் என்றால் வழங்கல் இடம், இவ்வளவும் பில்லில் இருந்தால், மற்ற விவரங்களில் குறை இருந்தாலும் கிரெடிட் எடுக்கலாம் என்கிறது அந்த விலக்கு. அந்தப் பட்டியலில் வாங்குபவரின் பெயர் இல்லை, எண் இருக்கிறது. சரக்கு வழியில் இருக்கும்போது அதிகாரி பிடித்தால் என்ன ஆகும் என்ற கவலைக்கும் பதில் உண்டு. 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட 64/38/2018 சுற்றறிக்கை, ஜிஎஸ்டி எண் சரியாக இருந்து அனுப்புபவர் அல்லது பெறுபவர் பெயரில் எழுத்துப்பிழை மட்டும் இருந்தால் பிரிவு 129-ன் கீழ் சரக்கைத் தடுத்து நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றும், மத்திய, மாநில ஜிஎஸ்டி ஒவ்வொன்றிலும் 500 ரூபாய் அபராதத்தோடு விடலாம் என்றும் சொல்கிறது. அது எழுத்துப்பிழைக்கான சலுகை என்பதை மறக்கக் கூடாது. முழுக்க வேறு நிறுவனத்தின் பெயரே இருந்தால் சாலையில் அதே சலுகையை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே எண் சரியாக உள்ள பில்லுக்குக் கேட்க வேண்டியது ஓர் உறுதிக் கடிதம். விற்றவரின் லெட்டர்ஹெட்டில் பில் எண், தேதி, அச்சாகியுள்ள பெயர், சரியான பெயர், மாறாத ஜிஎஸ்டி எண், "இந்தப் பில் மேற்படி எண்ணிலேயே GSTR-1-ல் காட்டப்பட்டுள்ளது" என்ற வாக்கியம், அங்கீகரிக்கப்பட்ட நபரின் கையொப்பம், முத்திரை ஆகியவை இருந்தால் போதும். அதைப் பில்லோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். கையால் எழுதும் பில் புத்தகம் வைத்திருக்கும் சிறிய விற்பனையாளர் என்றால், பெயரைக் கோடிட்டு அடித்து, சரியான பெயரை மேலே எழுதி, கையொப்பமிட்டு முத்திரை வைத்துக் கொடுப்பதும் வழக்கத்தில் உண்டு. அப்போது வாங்குபவர் பிரதியோடு விற்றவரின் பிரதியிலும் அதே திருத்தம் இருக்க வேண்டும். ஒரு பிரதியில் மட்டும் திருத்தம் இருந்தால், பிறகு யார் எப்போது திருத்தியது என்ற கேள்வி எழும்.

இந்த வகையிலும் கடிதம் போதாத சூழல் ஒன்று இருக்கிறது. வங்கிக் கடன், அரசு மானியம், காப்பீட்டுக் கோரிக்கை போன்றவற்றுக்கு அந்தப் பில்லை வெளியே கொடுக்க வேண்டியிருந்தால், அங்கே பார்ப்பவர்கள் பெயரைத்தான் பார்ப்பார்கள். விதி 36 அவர்களுக்குப் பொருட்டல்ல. அப்படிப்பட்ட பில்லுக்குக் கீழே சொல்லும் வழிகளில் ஒன்றின் மூலம் புதிய பில்லே வாங்கிவிடுவது நல்லது.

நிறுவனம் பெயர் மாற்றிக்கொண்ட பிறகும் பழைய பெயரில் பில் வருவது இந்த வகையின் ஓர் உட்பிரிவு. பெயர் மட்டும் மாறினால் ஜிஎஸ்டி எண் மாறாது. பெயர் மாற்றத்தைப் பதிவில் திருத்திய சான்றிதழின் நகலை விற்றவருக்கு அனுப்பி, அவருடைய மென்பொருளில் உள்ள வாடிக்கையாளர் பதிவை மாற்றச் சொன்னால் வேலை முடிந்தது.

எண்ணே வேறு நிறுவனத்துடையது

இங்கேதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது. பில் உங்கள் கையில் இருந்தாலும், போர்ட்டலில் அது வேறு ஒருவரின் GSTR-2B-க்குப் போகிறது. பிரிவு 16(2)(aa) படி, விற்றவர் தாக்கல் செய்து உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட பில்லுக்குத்தான் நீங்கள் கிரெடிட் எடுக்க முடியும். எத்தனை கடிதம் வாங்கினாலும் இதைச் சரிசெய்யாது. பதிவில் மாற்றம் நடந்தாக வேண்டும்.

முதல் வழி, மின்-இன்வாய்ஸுக்கு அரசு போர்ட்டல் தரும் தனி எண்ணான ஐஆர்என்னை ரத்து செய்வது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய விற்பனையாளர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்-இன்வாய்ஸ் கட்டாயம். அவர்களுடைய பில்லில் 64 எழுத்து ஐஆர்என் எண்ணும் கியூஆர் குறியீடும் இருக்கும். அந்த ஐஆர்என் உருவான 24 மணி நேரத்துக்குள் விற்றவர் அதை ரத்து செய்துவிட்டு, உங்கள் எண்ணில் புதிய பில் போடலாம். ரத்து என்றால் முழுப் பில்லும் ரத்து. ஒரு வரியை மட்டும் மாற்றும் வசதி அங்கே கிடையாது. ரத்தான பில்லின் எண்ணை மீண்டும் பயன்படுத்தவும் முடியாது, புதிய பில்லுக்குப் புதிய வரிசை எண் வேண்டும். பெயர் சரியாகி அதே பில் எண்ணோடு வந்தால், ரத்து நடக்கவில்லை என்றே பொருள்.

சேவை பில்லுக்கும் இன்னும் புறப்படாத சரக்குக்கும் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஆனால் சரக்கு புறப்பட்டு, அதன் பயணத்துக்கான இ-வே பில் செயல்பாட்டில் இருந்தால், அதை ரத்து செய்யாமல் ஐஆர்என்னை ரத்து செய்ய முடியாது. சரக்கு ஏற்கெனவே உங்கள் கிடங்கில் இறங்கிவிட்டது என்றால் இ-வே பில்லை ரத்து செய்வது உண்மைக்கு மாறானது, ஏனென்றால் அந்த ரத்து நடக்காத பயணத்துக்கானது. 24 மணி நேரம் மிச்சமிருந்தாலும் அப்போது இந்த வழியை விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது வழி, தாக்கலுக்கு முன் மாற்றுவது. மின்-இன்வாய்ஸ் வரம்புக்குக் கீழே உள்ள விற்பனையாளருக்கு இது எளிது. மாதத் தாக்கல் செய்பவருக்கு GSTR-1 கெடு அடுத்த மாதம் 11-ம் தேதி, காலாண்டுத் தாக்கல் செய்பவருக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-ம் தேதி. அதுவரை பழைய பில்லைத் தன் புத்தகத்தில் ரத்து செய்து, அசல் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புதிய எண்ணில் பில் போடுவார். ரத்தான எண்ணை GSTR-1-ன் ஆவணப் பட்டியலான 13-ம் அட்டவணையில் காட்டிவிடுவார். நீங்கள் செய்ய வேண்டியது பழைய அசலைத் தாமதிக்காமல் திருப்பி அனுப்புவது மட்டும்தான். அது உங்களிடமே தங்கிவிட்டால் உங்கள் கணக்கில் இரண்டு பில்லும் ஏறிவிடும் ஆபத்து உண்டு.

மின்-இன்வாய்ஸ் போடுபவரும் GSTR-1-ல் தானாக வந்து விழும் விவரத்தைத் தாக்கலுக்கு முன் திருத்தலாம். ஆனால் அது போர்ட்டல் பதிவை மட்டும் சரிசெய்யும். உங்கள் கையில் இருக்கும் பில்லும் அதன் கியூஆர் குறியீடும் பழைய எண்ணையே சுமந்துகொண்டிருக்கும். பிரிவு 16(2)(a) சரியான பில் கைவசம் இருக்க வேண்டும் என்கிறது. விதி 36(2)-ன் சலுகையும் வாங்கியவரின் எண் பில்லில் இருந்தால்தான். எனவே மின்-இன்வாய்ஸுக்கு இந்தப் பாதி வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வழி, தாக்கலான பிறகு அடுத்த மாத GSTR-1-ன் 9A அட்டவணையில் திருத்தம். தாக்கல் செய்த GSTR-1-ஐத் திறந்து மாற்ற முடியாது. பின்னொரு மாதத்தின் படிவத்தில்தான் திருத்தம் போட முடியும், அதுவும் ஒரு பில்லுக்கு ஒரே முறை. இப்போது GSTR-1A என்றொரு படிவம் இருக்கிறதே, அதில் உடனே செய்யலாமே என்று சில கணக்காளர்கள் சொல்வார்கள். வரி கட்டும் படிவமான GSTR-3B தாக்கலுக்கு முன் அதே மாதத்துக்கான விவரங்களைத் திருத்த அது உதவும் என்பது உண்மை. ஆனால் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணை அதில் மாற்ற முடியாது, அதற்கு அடுத்த மாத GSTR-1-தான் வழி. 9A திருத்தத்தில் வரித் தொகை மாறுவதில்லை, கூடுதல் ஆவணங்களும் இல்லை. விற்றவருக்கு இதுவே சுலபம். மின்-இன்வாய்ஸ் இல்லாத பில்லாக இருந்து, திருத்திய பிரதியும் கையொப்பத்தோடு கிடைத்தால் வாங்குபவருக்கும் இது போதுமானது.

நான்காவது, பில் தொகையைக் குறைக்கும் ஆவணமான கிரெடிட் நோட்டும் புதிய பில்லும். தவறான நிறுவனத்தின் எண்ணில் முழுத் தொகைக்கும் கிரெடிட் நோட் போட்டு, உங்கள் எண்ணில் புதிய பில் போடுவது. பிரிவு 34 கிரெடிட் நோட்டுக்குச் சொல்லும் காரணங்கள் மதிப்போ வரியோ அதிகமாகப் போடப்பட்டது, சரக்கு திரும்பியது, சரக்கு அல்லது சேவையில் குறை இருந்தது ஆகியவைதான். வாங்குபவர் பெயர் மாறியது என்று நேராகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த நிறுவனத்துக்கு வழங்கலே நடக்காததால் அதன் பெயரில் போட்ட முழு வரியும் அதிகம் என்ற அடிப்படையில் நடைமுறையில் இந்த வழி பரவலாகப் பயன்படுகிறது. 24 மணி நேரம் கடந்துவிட்ட மின்-இன்வாய்ஸுக்கு என் தேர்வு இதுவே. ஏனென்றால் இதில் மட்டுமே உங்கள் எண்ணோடு, சரியான கியூஆரோடு ஓர் ஆவணம் உங்கள் கைக்கு வருகிறது. இதன் விலை, மூன்றாவது தரப்பின் ஒத்துழைப்பு. தவறான எண்ணுக்குரிய நிறுவனம் தன் பங்கைச் சரியாகச் செய்ய வேண்டும்.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவாக்கிவிடலாம். "ரிவைஸ்டு இன்வாய்ஸ்" தாருங்கள் என்று எழுதிக் கேட்பவர்கள் பலர். சட்டத்தில் அந்தப் பெயரில் இருக்கும் ஆவணம் பிரிவு 31(3)(a)-ல் வருகிறது. பதிவு அமலுக்கு வந்த நாளுக்கும் சான்றிதழ் கிடைத்த நாளுக்கும் இடையில் போட்ட பில்களுக்கானது அது. பெயர்ப் பிழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கேட்கும் கடிதத்தில் அந்தச் சொல்லைத் தவிர்த்து, எந்த வழியில் திருத்தம் வேண்டும் என்று நேராக எழுதுங்கள். பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு அந்தச் சொல்லைக் காரணம் காட்டியே கோரிக்கையைத் திருப்பிவிடுவதுண்டு.

ஒரு பில்லை வைத்துப் பார்த்தால்

ஒரே குழுமத்தில் இரண்டு கம்பெனிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று உற்பத்தி செய்கிறது, மற்றொன்று சரக்குப் போக்குவரத்து பார்க்கிறது. இரண்டும் ஒரே மாநிலத்தில் தனித்தனி பான் எண்ணோடு பதிவானவை. உற்பத்திக் கம்பெனி ஒரு ஏர் கம்ப்ரசர் வாங்குகிறது. விலை 2,00,000 ரூபாய், வரி 18 சதவீதம், அதாவது மத்திய ஜிஎஸ்டி 18,000, மாநில ஜிஎஸ்டி 18,000, மொத்தம் 2,36,000. விற்றவரின் மென்பொருளில் இரண்டு கம்பெனிகளும் ஒரே முதல் சொல்லில் தொடங்குவதால், பில் போக்குவரத்துக் கம்பெனியின் பெயரிலும் எண்ணிலும் வந்துவிடுகிறது. பில் தேதி ஆகஸ்ட் 7. சரக்கு அன்றே இறங்கிவிட்டது. பிழை தெரிவது 9-ம் தேதி.

24 மணி நேரம் போய்விட்டது, சரக்கும் வந்து சேர்ந்துவிட்டது, ஆகவே ஐஆர்என் ரத்து இல்லை. கடிதம் மட்டும் வாங்கினால் 36,000 ரூபாய் கிரெடிட் போக்குவரத்துக் கம்பெனியின் பட்டியலில் கிடக்கும். சரக்கைப் பெறாத அந்தக் கம்பெனி அதை எடுக்கவும் கூடாது. குழுமம் ஒன்றுதானே, அங்கேயே எடுத்துக்கொள்ளலாமே என்ற யோசனை இங்கேதான் எழும். தனித்தனி பான் எண் கொண்ட இரண்டு கம்பெனிகள் ஒரே குழுமம் என்றாலும் சட்டத்தின் பார்வையில் இரு வேறு நபர்கள். அப்படி எடுத்தால் பின்னாளில் வட்டியோடு திருப்ப வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் மாத GSTR-1 தாக்கலுக்கு செப்டம்பர் 11 வரை நேரம் இருக்கிறது. அதனால் ஆகஸ்ட் 11 அன்று விற்றவர் போக்குவரத்துக் கம்பெனியின் எண்ணில் 2,36,000 ரூபாய்க்குக் கிரெடிட் நோட்டும், உற்பத்திக் கம்பெனியின் எண்ணில் அதே தொகைக்குப் புதிய பில்லும் போடுகிறார். இரண்டுக்கும் தனித்தனி ஐஆர்என் வரும். புதிய பில்லின் குறிப்புப் பகுதியில் பழைய பில் எண், இ-வே பில் எண், சரக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்த தேதி ஆகியவற்றை எழுதச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 7-ம் தேதி வந்த சரக்குக்கு 11-ம் தேதி பில் எப்படி என்று தணிக்கையில் கேட்பார்கள்.

மூன்று ஆவணங்களும் ஆகஸ்ட் கணக்கிலேயே விழுவதால், செப்டம்பர் 14 அன்று உருவாகும் GSTR-2B-ல் போக்குவரத்துக் கம்பெனிக்கு 36,000 கூட்டலும் 36,000 கழித்தலும் சேர்ந்து பூஜ்யம் ஆகிவிடும். உற்பத்திக் கம்பெனிக்கு 36,000 வரும். விற்றவர் கட்டும் வரியும் 36,000-தான், ஒரு ரூபாய் கூடவில்லை. கிரெடிட் நோட் போட்டால் எங்களுக்கு நஷ்டம் என்று விற்றவர் தயங்கினால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இதே திருத்தம் செப்டம்பருக்குத் தள்ளிப்போயிருந்தால் படம் மாறியிருக்கும். போக்குவரத்துக் கம்பெனிக்கு ஒரு மாதம் பில்லும் அடுத்த மாதம் கிரெடிட் நோட்டும் தனித்தனியாக வரும். வந்த பில்களை ஏற்கவோ நிராகரிக்கவோ போர்ட்டலில் உள்ள ஐஎம்எஸ் பகுதியில் அந்தக் கம்பெனி எதுவும் செய்யாமல் இருந்தால், பில் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்பட்டு கிரெடிட் அதன் GSTR-3B-க்குப் போய்விடும். அங்குள்ள கணக்காளர் அதைப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்து, கிரெடிட் நோட் வந்த மாதத்தில் நேர்செய்ய வேண்டும். இன்னும் மோசமானது, சம்பந்தமில்லாத ஆவணம் என்று நினைத்து அவர் கிரெடிட் நோட்டை நிராகரித்துவிடுவது. அப்படிச் செய்தால் விற்றவரின் வரிப் பொறுப்பு அந்தத் தொகைக்கு மீண்டும் ஏறும், அவர் புதிய பில்லுக்கும் பழையதுக்கும் இரட்டை வரி கட்டியவர் ஆவார். குழுமக் கம்பெனி என்றால் ஒரு தொலைபேசி அழைப்பில் இதைத் தடுக்கலாம். தவறான எண் யாரோ ஒரு வெளி நிறுவனத்துடையது என்றால் அந்த அழைப்பை விற்றவர்தான் செய்ய வேண்டும். அதனால்தான் தாக்கல் கெடுவுக்கு முன் அதே மாதத்தில் முடிப்பதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

தவறான எண் வேறு மாநிலத்துடையதாக இருந்தால் இன்னொரு மாற்றமும் சேரும். வழங்கல் இடம் மாறி, ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி போட வேண்டிய இடத்தில் மத்திய, மாநில ஜிஎஸ்டியோ, அதற்கு நேர்மாறாகவோ போடப்பட்டிருக்கலாம். அப்போது வரியின் வகையே மாறுவதால் 9A திருத்தத்தைவிடக் கிரெடிட் நோட்டும் புதிய பில்லும்தான் குழப்பமில்லாதது.

திருத்தம் நடந்ததுபோல் தெரியும், நடந்திருக்காது

மிகவும் அடிக்கடி நடப்பது இது. விற்றவர் மென்பொருளில் பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றி, அதே பில்லை மறுபடி அச்சிட்டு பிடிஎஃப் அனுப்பிவிடுவார். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். ஐஆர்என்னும் மாறாமல் இருக்கும், அதைப் பார்த்து நாமும் நம்பிவிடுவோம். ஐஆர்என் உருவாவது விற்றவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, பில் எண், நிதியாண்டு இவற்றிலிருந்து மட்டும்தான். வாங்குபவர் விவரம் அதில் சேர்வதில்லை. ஆகவே ஐஆர்என் பொருந்துவது எதையும் நிரூபிக்காது.

பார்க்க வேண்டியது கியூஆர் குறியீடு. அதில் விற்றவர், வாங்கியவர் இருவரின் ஜிஎஸ்டி எண்களும், பில் எண், தேதி, மதிப்பு, உருப்படிகளின் எண்ணிக்கை, முதன்மைப் பொருளின் எச்எஸ்என் குறியீடு, ஐஆர்என் ஆகியவையும் கையொப்பமிட்ட வடிவில் இருக்கும். மின்-இன்வாய்ஸுக்கான அரசு சரிபார்ப்புச் செயலியில் வருடினால் வாங்கியவரின் எண் தெரியும். அச்சிட்ட எண் உங்களுடையது, கியூஆரில் உள்ள எண் வேறு என்றால், அந்தப் பில் மறுஅச்சு செய்யப்பட்டது மட்டுமே, திருத்தப்பட்டது அல்ல. வாங்குபவரின் பெயர் கியூஆருக்குள் இல்லை. எனவே பெயர் மட்டும் தவறான பில்லுக்கு இந்தச் சோதனை உதவாது. அங்கே முன்பு சொன்ன கடிதமே ஆதாரம்.

இரண்டாவது கோளாறு, புதிய பில் வந்துவிடும், பழையது ரத்தாகவோ கிரெடிட் நோட்டாகவோ ஆகியிருக்காது. உங்களுக்கு உடனடி பாதிப்பு இல்லாததால் கவனிக்காமல் விட்டுவிடுவீர்கள். சில மாதங்கள் கழித்து விற்றவரின் கணக்காளர் இரட்டை விற்பனையைக் கண்டுபிடித்து, அவசரத்தில் கிரெடிட் நோட்டை உங்கள் புதிய பில்லின் மேல் போட்டுவிடுவார். உங்கள் கிரெடிட் குறைந்துபோகும். புதிய பில் வாங்கும்போதே பழைய பில்லின் கிரெடிட் நோட் நகலையும் கேட்டு வாங்கி, அதில் உள்ள ஜிஎஸ்டி எண்ணும் மூலப் பில் எண்ணும் சரியா என்று பார்த்துவிடுவது இதைத் தடுக்கும்.

எண்ணே இல்லாத பில்

ஊழியர் தன் பெயரில் வாங்கி வரும் பில்களில் வாங்குபவர் எண் இருக்காது. விற்றவர் அதைப் பதிவில்லாதவருக்கு விற்றதாக மொத்தக் கணக்கில் சேர்த்துவிடுவார். தாக்கலுக்கு முன் என்றால் ரத்தும் புதிய பில்லும் எளிது. தாக்கலான பின் அவர் 10-ம் அட்டவணையில் அந்த மொத்தத்தைக் குறைத்து, உங்கள் எண்ணில் தனிப் பில்லைச் சேர்க்க வேண்டும். பலர் மறுப்பார்கள். தொகை சிறிது என்றால் நான் வற்புறுத்த மாட்டேன். வெளிமாநில விடுதி பில்லுக்கு முயற்சியே தேவையில்லை. தங்கும் அறைக்கு வழங்கல் இடம் விடுதி இருக்கும் இடம்தான். அந்த மாநிலத்தில் உங்களுக்குப் பதிவு இல்லை என்றால், பெயரையும் எண்ணையும் எவ்வளவு சரியாகப் போட்டாலும் அந்த மாநில வரியை உங்களால் எடுக்க முடியாது. செலவுக் கணக்குக்காக மட்டும் என்றால் ஊழியரின் செலவுச் சீட்டோடு அந்தப் பில்லே போதும்.

கோரிக்கையில் எழுத வேண்டியது

தொலைபேசியில் சொல்லிவிட்டாலும் மின்னஞ்சல் அனுப்புங்கள். கெடு தொடர்பான தகராறு வந்தால் நீங்கள் கேட்ட தேதி அதில்தான் இருக்கும். எண் தவறான மின்-இன்வாய்ஸுக்கு, 24 மணி நேரம் கடந்த நிலையில், இப்படி எழுதலாம்:

"ஐயா, தங்கள் பில் எண் ..., தேதி ..., ஐஆர்என் ..., மொத்தம் ரூ. ... எங்கள் கொள்முதல் ஆணை எண் ...-க்கு உரியது. இதில் வாங்குபவராக ... (ஜிஎஸ்டி எண் ...) என்று உள்ளது. சரியான விவரம்: ... (ஜிஎஸ்டி எண் ...), முகவரி ... பொருள், அளவு, விலை, வரி விகிதம் எதிலும் மாற்றம் இல்லை. மேற்படி பில்லுக்கு அதே ஜிஎஸ்டி எண்ணில் கிரெடிட் நோட்டும், எங்கள் எண்ணில் புதிய பில்லும் இம்மாதத் தேதியிலேயே வழங்கி, இரண்டின் நகலையும் அனுப்பவும். இரண்டும் இம்மாத GSTR-1-ல் வரும்படி பார்த்துக்கொள்ளவும். எங்கள் பதிவுச் சான்றிதழ் நகல் இணைக்கப்பட்டுள்ளது. தங்கள் மென்பொருளில் உள்ள வாடிக்கையாளர் பதிவையும் மாற்றிக்கொள்ள வேண்டுகிறோம்."

கடைசி வாக்கியம் சம்பிரதாயம் அல்ல. வாடிக்கையாளர் பதிவு மாறாத வரை அடுத்த பில்லும் அதே பெயரில்தான் வரும். கொள்முதல் ஆணையில் குழுமத்தின் பொதுப் பெயர் மட்டும் இருந்து ஜிஎஸ்டி எண் இல்லாமல் போனதுதான் பிழைக்கு மூலம் என்றால், திருத்த வேண்டியது உங்கள் ஆணைப் படிவத்தையும்தான்.

பணத்தை முழுதாக நிறுத்தி வைப்பது நல்லதல்ல. சரக்கைப் பெற்றுக்கொண்டு விலையைக் கொடுக்காமல் இருப்பது உறவைக் கெடுக்கும். பல நிறுவனங்கள் விலையைக் கொடுத்துவிட்டு, வரித் தொகையை மட்டும் GSTR-2B-ல் பில் வரும் வரை நிறுத்துகின்றன. மேலே சொன்ன கம்ப்ரசரில் அது 36,000 ரூபாய். ஆனால் இந்த நிபந்தனை கொள்முதல் ஆணையிலேயே எழுதியிருக்க வேண்டும், பிழை வந்த பிறகு புதிதாகச் சேர்ப்பது சண்டையில் முடியும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் வரியோடு முழுத் தொகையும் கொடுக்கப்படாவிட்டால் எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிதியாண்டு முடிந்த பிறகு பிழை தெரிந்தால் கடைசிக் கெடு, அடுத்து வரும் நவம்பர் 30 அல்லது ஆண்டு அறிக்கை தாக்கல் செய்த நாள், இரண்டில் எது முந்தியதோ அது. 2025-26 பில்லுக்கு 2026 நவம்பர் 30. விற்றவரின் 9A திருத்தம், கிரெடிட் நோட் அறிவிப்பு, உங்கள் கிரெடிட் மூன்றையும் இந்தக் கெடு கட்டுப்படுத்துகிறது. "ஆண்டு அறிக்கை" என்பது திருத்தத்துக்கு விற்றவருடையது, கிரெடிட்டுக்கு உங்களுடையது. விற்றவர் தன் ஆண்டு அறிக்கையை செப்டம்பரிலேயே தாக்கல் செய்துவிட்டால், நவம்பர் வரை காத்திருக்கலாம் என்று நினைத்த உங்களுக்கு வழி அடைபட்டிருக்கும். பழைய ஆண்டு பில் என்றால் கோரிக்கை எழுதும் முன் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, ஆண்டு அறிக்கை தாக்கலாகிவிட்டதா என்பதுதான்.